ரெண்டு மணிக்கு அழுற குழந்தையை ஒன்றரைக்கே எழுப்பினா என்ன ஆகும்?

[காட்சி: இருட்டறை. கடிகாரத்தில் 2.05. முதலில் சிணுங்கல், பிறகு அழுகை.]

ஒன்றரை வயசுக் குழந்தை. எட்டரைக்குத் தூங்கிடுது. ஆனா ராத்திரி ரெண்டு மணி ஆனா போதும், எழுந்து உட்கார்ந்து அழ ஆரம்பிச்சிடும். அம்மா தோள்ல போட்டுத் தட்டினா அஞ்சே நிமிஷத்துல திரும்பத் தூங்கிடும். அம்மாவுக்குத்தான் அதுக்கப்புறம் தூக்கம் வராது. மாசக் கணக்கா இப்படியே போகுது.

இதுக்கு ஒரு வழி இருக்கு. சொன்னா, "தூங்குற புள்ளைய யாராவது எழுப்புவாங்களா?"ன்னு பாட்டி அதட்டுவாங்க. ஆனா வழியே அதுதான். குழந்தை அழுது எழுறதுக்கு முன்னாடி நாமளே எழுப்பணும்.

[காட்சி: ஏறி இறங்கும் அலை போன்ற கோடு.]

தூக்கம் ஒரே ஆழத்துல போறதில்ல. இந்த வயசுல ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மேல வந்து திரும்ப ஆழத்துக்குப் போகும். மேல வர்ற நேரத்துல எல்லாருமே லேசா முழிக்கிறோம், புரண்டு படுத்துத் தூங்கிடுறோம். இந்தக் குழந்தை அந்த இடத்துல அம்மாவைத் தேடுது. அழுதா அம்மா வர்றாங்கன்னு தினமும் பார்த்திருக்கு. நாம அழுகைக்கு முன்னாடியே போயிட்டா, அழ வேண்டிய அவசியமே வர்றதில்ல. அழுகைக்கும் அம்மா வர்றதுக்கும் இருக்கிற அந்தத் தொடர்பு மெல்ல மெல்லத் தளருது.

[காட்சி: நோட்டுப் புத்தகத்தில் ஏழு வரிகள்.]

முதல் வாரம் எழுப்பவே கூடாது, குறிச்சு மட்டும் வைங்க. இந்தக் குழந்தையோட கணக்கு: 2.00, 2.10, 1.55, 2.05, 2.00, 1.55, 2.10. ஏழு நாளும் எழுந்த நேரம் கால் மணி நேர இடைவெளிக்குள்ளேயே அடங்குது. அதனால இந்த முறை இதுக்குப் பொருந்தும். ஒருநாள் 12 மணி, மறுநாள் 4 மணின்னு எழுற குழந்தைக்கு இது உதவாது, எப்போ எழுப்புறதுன்னே தெரியாது.

வழக்கமா எழுற நேரத்துக்கு 15லிருந்து 30 நிமிஷம் முன்னாடி எழுப்பணும். இங்கே 1.30. அலாரம் சத்தம் குழந்தைக்குக் கேட்கக் கூடாது. போனை வைப்ரேஷன்ல போட்டு உங்க தலையணைக்கு அடியில வைங்க.

[காட்சி: மங்கலான வெளிச்சத்தில் ஒரு கை, குழந்தையின் தோளில்.]

விளக்கைப் போடாதீங்க. தோளை மெல்லத் தொட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. இமை திறக்கணும், "ம்ம்"னு ஒரு முனகல் வரணும். அவ்வளவு போதும். அப்புறம் ரெண்டு மணிக்கு எழும்போது என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. தட்டுறதுன்னா தட்டுங்க, பால்னா பால். திரும்பத் தூங்கட்டும். இதைத் தினமும் தவறாம செய்யணும்.

தப்பு எங்கே வரும்னா, இமை திறக்கிறதுக்கு முன்னாடியே "பாவம், தூங்கட்டும்"னு நாம திரும்பிடுவோம். அப்போ குழந்தை ரெண்டு மணிக்கு வழக்கம்போல எழுந்திரும். 1.30க்குப் போறப்பவே அது புரண்டுக்கிட்டு இருந்தா, நாம தாமதம்னு அர்த்தம். மறுநாள் 1.15க்கு மாத்துங்க. விளையாடுற அளவுக்கு முழிச்சிடுச்சுன்னா, வெளிச்சமோ பேச்சோ கூடிப் போச்சு. வேற நேரத்துல தானா எழுந்து அழுதா எப்பவும் போலப் பார்த்துக்கோங்க.

[காட்சி: நாள்காட்டி. சில இரவுகள் வெறுமையாக.]

தொடர்ந்து ஒரு வாரம் ரெண்டு மணிக்கு அழுகை இல்லைன்னா, ஒரே ஒரு ராத்திரி எழுப்பாம விடுங்க. அமைதியாப் போச்சுன்னா அடுத்த வாரம் ரெண்டு ராத்திரி, அதுக்கடுத்து மூணு. விட்ட ராத்திரியில அழுகை வந்தா, திரும்பச் சில நாள் தினமும் எழுப்புங்க. சட்டுனு மொத்தமா நிறுத்தினாத்தான் பழக்கம் திரும்பி வரும். முழுசா விடச் சில வாரங்கள் ஆகும்.

1988ல் ரிக்கர்ட், ஜான்சன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 33 குழந்தைகள்கிட்ட இதைச் சோதிச்சாங்க. அழவிட்டுக் கண்டுக்காம இருக்கிற முறை இதைவிடச் சீக்கிரம் பலன் தந்துச்சு. ஆனா எதுவும் செய்யாம விட்ட குழந்தைகளோட ஒப்பிட்டா, ரெண்டு முறையிலயும் அழுது எழுறது குறைஞ்சது. அழவிட மனசு வராத வீட்டுக்கு இதுதான் ஏத்ததுன்னு நான் நினைக்கிறேன்.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. படுக்கும்போது தூளியில ஆட்டினாத்தான் தூங்கும்னா, அந்தப் பழக்கத்தை இது மாத்தாது.

[காட்சி: மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்.]

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உடம்பைக் கவனிங்க. குறட்டை விட்டு நடுவுல மூச்சு நிக்குற மாதிரி இருக்கா, காதைப் பிடிச்சு இழுக்குதா, ராத்திரியில ஆசனவாயைச் சொறியுதா? அப்படி ஏதாவது இருந்தா முதல்ல குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க. மூக்கடைப்போ கீரிப்பூச்சியோ எழுப்பிவிடுற குழந்தைக்கு அலாரம் வைக்கிறதால பலன் இல்ல.