சேலை கையிருப்பில் இல்லை, மேடம்

நேயர்களுக்கு வணக்கம். ஆன்லைனில் கைத்தறிச் சேலை விற்கும் கடையில் வாடிக்கையாளர்களோடு பேசும் வேலை எனக்கு. பணம் வாங்கிய பிறகு சரக்கு இல்லை என்று தெரிந்தால் அதை எப்படிச் சொல்வது என்று பேச அழைத்திருக்கிறார்கள்.

கைத்தறியில் இது அடிக்கடி வரும் சிக்கல். ஒரு டிசைனில், ஒரு நிறத்தில் பல நேரம் ஒரே சேலைதான் இருக்கும். அது கடை அலமாரியிலும் இருக்கும், வெப்சைட்டிலும் இருக்கும். காலையில் கவுண்டரில் யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கணக்கில் கழிப்பதோ மாலையில். நடுவில் வெளியூரில் ஒருவர் அதற்குப் பணம் கட்டிவிடுவார். சில சமயம் சேலை இருக்கும், ஆனால் பேக் செய்ய விரித்தால் முந்தானையில் இழை அறுந்திருக்கும். அனுப்ப முடியாது என்றால் அதுவும் இல்லாத கணக்குதான்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். அரக்கு நிற நெகமம் காட்டன், 2,850 ரூபாய். புதன் இரவு ஆர்டர், யு.பி.ஐ.யில் பணம் வந்துவிட்டது. ஞாயிறு அவர்கள் வீட்டில் வளைகாப்பு. வியாழன் காலை சேலை இல்லை என்று தெரிகிறது. நெசவாளரிடம் கேட்டுப் பார்ப்போம் என்று சனிக்கிழமை வரை இழுப்பவர்கள் உண்டு. அந்த அம்மாவுக்கு வேறு கடையில் வாங்க இருக்கும் இரண்டு நாளையும் நாமே தின்றுவிடுகிறோம், அவ்வளவுதான். வியாழன் காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் எடுத்த எடுப்பில் போன் செய்தால் இன்று ஒரு தொல்லை இருக்கிறது. "உங்கள் ஆர்டர் ரத்து, ரீஃபண்ட் தருகிறோம்" என்று சொல்லித்தான் மோசடிக்காரர்களும் கூப்பிடுகிறார்கள். அதனால் முதலில், ஆர்டர் உறுதியானதும் செய்தி போன அதே வாட்ஸ்அப் எண்ணிலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ எழுதுங்கள். பிறகு போன் செய்யலாம். லிங்க் வேண்டாம், கியூ.ஆர். கோடு வேண்டாம். பணம் பெறுவதற்கு யாரும் பின் நம்பர் போடத் தேவையில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

நான் எழுதுவது இப்படி இருக்கும்: "வணக்கம் மேடம். நீங்கள் நேற்று ஆர்டர் செய்த அரக்கு நெகமம் சேலை கையிருப்பில் இல்லை, அனுப்ப முடியவில்லை. தவறு எங்களுடையது, மன்னிக்கவும். நீங்கள் கட்டிய 2,850 ரூபாயை முழுதாகத் திருப்பித் தருகிறோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டுமென்றால் இதே சேலை மயில்கழுத்து நிறத்தில் இருக்கிறது, இன்றே அனுப்பலாம், படம் கீழே. இன்று மாலை 4 மணிக்குள் உங்கள் பதில் வராவிட்டால் பணத்தை அனுப்பிவிடுவோம்."

கடைசி வரிதான் முக்கியம். வாடிக்கையாளர் பேசாமல் இருந்தால் பணம் நம்மிடம் தங்கக் கூடாது. பல கடைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: பதில் வராவிட்டால் கூப்பனாகப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. கேட்டு வாங்கினால் கூப்பன் சரி. கேட்காமல் தலையில் கட்டினால் சண்டைதான்.

மாற்றுச் சேலையில் ஒன்றோ இரண்டோ காட்டினால் போதும். பத்துப் படம் அனுப்பினால் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றும். அதே அரக்கு நிறத்தை நெய்து தர இரண்டு வாரம் என்றால், ஞாயிறு விசேஷம் உள்ளவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. மாற்று 2,400 ரூபாய் என்றால் மீதி 450 ரூபாயை நாம்தான் அனுப்ப வேண்டும்; ஆன்லைனில் கட்டும் பணத்தை நமக்கு வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயில் பகுதி ரீஃபண்ட் வசதி இருக்கிறது. விலை சற்றுக் கூடுதலான சேலை என்றால் வித்தியாசத்தைக் கடையே ஏற்பது நல்லது.

அப்புறம், பணம். கட்டிய வழியிலேயே திரும்பிப் போக வேண்டும். வேறு கணக்கு எண் கேட்டாலே சந்தேகம் வரும். யு.பி.ஐ. என்றால் பெரும்பாலும் சீக்கிரம் போய்விடும். கார்டு என்றால் ஐந்து முதல் ஏழு வேலை நாள் என்று சொல்லுங்கள், "உடனே" என்று சொல்லாதீர்கள். கேட்வே பிடித்துக்கொண்ட கட்டணம் பொதுவாக நமக்குத் திரும்பாது. அதை வாடிக்கையாளர் பணத்தில் கழிக்க வேண்டாம், ரத்து செய்தது நாம்.

சிறு கடைகள் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ரீஃபண்ட் தொகை கேட்வேயில் நமக்கு இருக்கும் இருப்பிலிருந்துதான் போகும். அன்றன்றைய விற்பனைப் பணம் வங்கிக்குப் போய்விட்டால் அங்கே இருப்பு இருக்காது. பட்டனை அழுத்தியிருப்போம், பணம் நகராது. அன்று மாலையே அதன் நிலையைப் பாருங்கள். போயிருந்தால் ஆர்.ஆர்.என். என்ற 12 இலக்க எண் கிடைக்கும். அதை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டால், வரவில்லை என்று தோன்றும்போது அவர் தன் வங்கியிலேயே அதை வைத்து விசாரிக்கலாம். வெப்சைட்டிலும் அந்தச் சேலையை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை இன்னொருவர் பணம் கட்டியிருப்பார்.

வணக்கம்.