414-ல் யார் இருக்கிறார்கள்?

எல்லாருக்கும் வணக்கம், உட்காருங்கள். யூனிஃபார்ம், லாக்கர், சாப்பாட்டு நேரமெல்லாம் மதியம் எச்.ஆரில் சொல்வார்கள். எனக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில், நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

வேறொரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இரவு டூட்டி பார்த்த காலம். 412-ல் ஏசி ஓடவில்லை என்று ஒரு கெஸ்ட் இறங்கி வந்தார். 414 காலியாக, சுத்தமாக இருந்தது. கார்டு போட்டுக் கொடுத்து, பெட்டி தூக்க ஆளும் அனுப்பினேன். அதற்குள் போன் அடித்தது. கம்ப்யூட்டரில் அறையை மாற்ற மறந்துவிட்டேன்.

இரவு இரண்டு மணிக்கு இன்னொருவர் வந்தார். நான் டீ குடிக்கப் போயிருந்தேன். கூட இருந்தவர் சிஸ்டத்தைப் பார்த்தார், 414 காலி என்றது, கார்டு கொடுத்துவிட்டார். வந்தவர் கதவைத் திறந்து விளக்கைப் போட, போர்வைக்குள்ளிருந்து ஒருவர் எழுந்து உட்கார்ந்தார்! அவர் உள்தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. சத்தம் போட்டபடி வராந்தாவுக்கு வந்தவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பையிலிருந்த கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு. புதிய கார்டு பூட்டில் பட்டதும் பழையது செல்லாமல் போய்விடும். அப்படித்தான் அந்தப் பூட்டு. மனிதர் வெறுங்காலோடு தன் அறைக்கு வெளியே நின்றார். நான் வாங்கிய திட்டை இங்கே சொல்ல முடியாது.

ஒவ்வோர் அறைக்கும் இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று ரிசப்ஷன் லிஸ்ட், இன்னொன்று ஹவுஸ்கீப்பிங் நேரில் பார்த்து எழுதுவது. இரண்டையும் காலையிலும் மாலையிலும் ஒப்பிடுவோம். ஒத்துப்போகாததை டிஸ்கிரெபன்சி என்போம். லிஸ்டில் ஆள் இருக்கிறார், அலமாரியும் பாத்ரூமும் காலி என்றால், பணம் கட்டாமல் போயிருக்கலாம். அல்லது கட்டிவிட்டுப் போனவரை நாமே செக்-அவுட் செய்ய மறந்திருக்கலாம். இப்படி மறந்துபோன அறைக்கு ஸ்லீப்பர் என்று பெயர். ஆளே இல்லாத அறை விற்காமல் ஓர் இரவு கிடக்கும். பெட்டி இருக்கிறது, படுக்கை கலையவில்லை என்றால் அவர் வெளியே தங்கியிருக்கிறார், அவ்வளவுதான். அந்த அறையை யாருக்கும் கொடுக்கக்கூடாது.

இந்த ஒப்பீடு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். அவசரத்தில் நேரில் பார்க்காமல், ரிசப்ஷன் லிஸ்டைப் பார்த்தே ஹவுஸ்கீப்பிங் லிஸ்டை எழுதிவிடுவது. சாட்சி இரண்டு என்பது அங்கே ஒன்றாகிவிடும். 'தொந்தரவு செய்யாதீர்கள்' போர்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று எழுதாதீர்கள், டிஎன்டி என்று மட்டும் எழுதுங்கள். போனவர்கள் கழற்றாமல் விட்ட போர்டுகள் எத்தனையோ! போர்டு இல்லாத அறையில் தட்டி, ஹவுஸ்கீப்பிங் என்று சொல்லி, நின்று கேளுங்கள். மூன்று தடவை தட்டியும் பதில் இல்லையென்றால் மெதுவாகத் திறந்து, மறுபடியும் குரல் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

சரி, மாலை லிஸ்டுக்கு நான்காவது மாடி உங்களுடையது, சூப்பர்வைசர் கூட வருவார். 407-ல் காலையிலிருந்து போர்டு தொங்குகிறது. என்ன எழுதுகிறீர்கள் என்று ஆறு மணிக்குப் பார்க்கிறேன்.