கிஸ்தி ரசீதும் கடை பில்லும்

(பெங்களூரில் தமிழ் அன்பர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் வீட்டு மனை வாங்க அலைந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். தரகர் முதலில் சொல்வது என்ன? "சார், விலை கம்மிதான், ஆனா ரெவின்யூ சைட்." விவசாய நிலம், வீட்டு மனையாக முறைப்படி மாற்றப்படவில்லை என்று அதற்கு அர்த்தம். நிலத்துக்கும் ரெவின்யூவுக்கும் என்ன உறவு? ரெவின்யூ என்றால் வருமானம்தானே? அரசாங்கத்தின் வருமானம் என்றாலே அது நிலவரிதான் என்று இருந்த காலத்தின் மிச்சம் அந்தச் சொல். கன்னடத்தில் வருவாய்த் துறைக்குப் பெயர் கந்தாய இலாகா. நம் ஊர்ப் பக்கமும் பழைய ஆட்கள் "கந்தாயம் கட்டியாச்சா" என்றுதான் கேட்பார்கள்.

1857 கலகம் அடங்கிய சமயத்தில் இந்திய அரசாங்கத்தின் வருமானத்தில் ஏறத்தாழ பாதி நிலவரி. அபினும் உப்பும் அதற்கு அடுத்துத்தான். ஏன் நிலம்? நிலம் ஓடாது, ஒளியாது. நெல் அறுத்தால் ஊரே பார்க்கும். வட்டிக்கடைக்காரர் எவ்வளவு சம்பாதித்தார் என்று கலெக்டரால் சொல்ல முடியாது, ஆனால் கணக்குப்பிள்ளையிடம் கேட்டால் எந்தப் புல எண்ணில் எவ்வளவு விளைந்தது என்று அடங்கலைப் பிரித்துக் காட்டுவார். கலெக்டர் என்ற பதவிப் பெயரே வசூல் செய்பவர் என்ற அர்த்தத்தில் வந்ததுதான்.

இதை ஒரு முறையாக வார்த்தெடுத்த இடம் இங்கிருந்து ரெண்டு மணி நேரப் பயணம். 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம். உங்களில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர். அலெக்சாண்டர் ரீட் அங்கே பொறுப்பேற்றார். அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ, ஏழு வருஷம் ஊர் ஊராக நிலம் அளந்து, நடுவில் ஜமீன்தார் இல்லாமல் நேராக உழுபவனுக்கே பட்டா, அவனிடமே வரி என்ற ரயத்துவாரி முறையைப் பழகினார். பின்னால் அவரே சென்னை கவர்னராகி அதை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் கொண்டுபோனார்.

வரியை எப்படி முடிவு செய்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சின் சாரம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 1860-களில் வந்த நிலைத்த முறை இது. மண்ணைப் பார்த்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தரம் போடுவார்கள். அந்தத் தரத்தில் ஏக்கருக்கு எவ்வளவு விளையும் என்று அறுவடை செய்து பார்ப்பார்கள். பஞ்சம் வந்த வருஷங்களைத் தள்ளிவிட்டு இருபது வருஷச் சராசரி விலையால் அதைப் பெருக்குவார்கள். நம் கணக்குக்கு ஏக்கருக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மழை பொய்க்கும், ஓரம் சாரம் விளையாது என்று அதில் ஐந்தில் ஒரு பங்கு கழிவு. மீதி 16. உழவுச் செலவு 8 ரூபாய் போனால் நிகரம் 8. அதில் பாதி சர்க்காருக்கு. ஆக ஏக்கருக்கு 4 ரூபாய், முப்பது வருஷத்துக்கு மாறாது.

காகிதத்தில் நியாயமாகத்தான் இருக்கிறது. கோளாறு வேறு இடத்தில். 4 ரூபாய் என்பது நெல் இல்லை, ரொக்கம். கிஸ்தி தேதி அறுவடையை ஒட்டியே வரும். எல்லோரும் ஒரே வாரத்தில் நெல்லை விற்க ஓடினால் விலை விழும். விற்காதவன் செட்டியாரிடம் கடன் வாங்கிக் கட்டுவான். என் தாத்தா கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கணக்குப்பிள்ளை. தை மாசம் வந்தால் அவர் தெருவில் போகும்போது ஆட்கள் சந்துக்குள் திரும்பிவிடுவார்களாம்.

இதே முப்பது வருஷ ஏற்பாடுதான் நிலவரியைச் சாகடித்ததும். நெல் விலை இரண்டு மடங்கானால் அந்த ஏக்கரின் விளைச்சல் 40 ரூபாய், வரி அதே 4. சர்க்கார் பங்கு ஐந்தில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்றாகிவிட்டது, யாரும் ஒரு உத்தரவும் போடாமலே. சரி, தவணை முடிந்ததும் ஏற்றிவிடலாமே? ஏற்றிப் பார்த்தார்கள். பம்பாய் மாகாணத்தில் பர்தோலி தாலுகாவில் 22 சதவீதம் கூட்டினார்கள். 1928-இல் படேல் தலைமையில் விவசாயிகள் கட்ட மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். கடைசியில் விசாரணைக் குழு வைத்து சுமார் 6 சதவீதத்தோடு நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நிலவரியைத் தொட எந்தச் சர்க்காருக்கும் கை நடுங்கியது. சுதந்திரம் வந்து விவசாயி ஓட்டுப் போட ஆரம்பித்த பிறகு கேட்கவே வேண்டாம்.

வருமான வரி இதற்குள் வந்துவிட்டிருந்தது. கலகத்துக்கு ஆன செலவை ஈடுகட்ட, இந்திய அரசாங்கத்தின் நிதிப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் வில்சன் 1860-இல் கொண்டுவந்தார். அந்தச் சட்டத்தில் நில வருமானமும் சேர்த்தி. ஐந்து வருஷத்தில் அது போயிற்று. திரும்ப நிலைத்து வந்த 1886 சட்டம் விவசாய வருமானத்தை விட்டுவிட்டது. அவர்கள்தான் நிலவரி கட்டுகிறார்களே, ஒரே வயலுக்கு இரண்டு வரியா என்பது அன்றைய நியாயம். நிலவரி செத்த பிறகும் அந்த விலக்கு மட்டும் இன்றுவரை சட்டத்தில் உயிரோடு இருக்கிறது. காரணம் போய்விட்டது, காரியம் இருக்கிறது. அரை ஏக்கர்க்காரருக்கு அது நியாயம். ஐம்பது ஏக்கர் மாந்தோப்புக்காரருக்கும் அதே சலுகை என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இங்கே மென்பொருள் கம்பெனியில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சம்பளம் கைக்கு வருமுன்பே வரி பிடித்தம் ஆகிவிடுகிறது. அன்றைக்கு வயல் கண்ணுக்குத் தெரிந்தது போல இன்றைக்கு உங்கள் சம்பளச் சீட்டு தெரிகிறது.

விற்பனை வரிக் கதைக்குத் திரும்பவும் சேலம் பக்கமே போக வேண்டும். 1937-இல் முதலமைச்சரான ராஜாஜி, அந்த அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். சென்னை மாகாணத்துக்கு நிலவரியை விட்டால் கள் சாராயக் கலால்தான் பெரிய வருமானம். கள்ளை நிறுத்தினால் பள்ளத்தை எதைப் போட்டு நிரப்புவது? நிலத்தைத் தொட முடியாது, வருமான வரி மத்திய சர்க்காருடையது. பொருள் விற்பனைமீது வரி போடும் அதிகாரத்தை 1935 இந்திய அரசாங்கச் சட்டம் மாகாணங்களுக்குத் தந்திருந்தது. 1939-இல் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. எல்லாச் சரக்குக்கும் பொதுவான விற்பனை வரியில் இந்தியாவுக்கே அதுதான் முன்னோடி. ஆரம்ப விகிதம் அரை சதவீதம். வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். போர்க்காலத்தில் வங்காளம், பஞ்சாப் என்று மற்ற மாகாணங்களும் பின்தொடர்ந்தன. 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்ந்தது. அதற்காகப் பிறந்த வரி போகவில்லை, கடைசியில் மது வருமானம், விற்பனை வரி இரண்டுமே நிலைத்துவிட்டன.

அந்த அரை சதவீதம்தான் வாட் வழியாக வளர்ந்து 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டியில் கலந்தது. ஜூலை 1 நிலவரிக் கணக்குக்கான பசலி ஆண்டு பிறக்கும் நாள், அந்தக் காலத்தில் கணக்குப்பிள்ளைகள் புது அடங்கல் நோட்டைத் திறந்த நாள். டில்லியில் யாரும் அதை யோசித்துத் தேதி குறித்திருக்க மாட்டார்கள். இதில் விளைச்சலைப் பார்க்கவும் வேண்டாம், தரம் போடவும் வேண்டாம். கடைக்காரர் தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வேண்டுமானால் மொத்த வியாபாரியிடம் பில் கேட்டு வாங்கியாக வேண்டும். கணக்குப்பிள்ளை வேலையை வியாபாரிகளே ஒருவருக்கொருவர் பார்க்கிறார்கள். பில் இல்லாமல் வாங்கினால் விலையைக் குறைத்துப் போடுகிறேன் என்று கடைக்காரர் சொல்லும் இடத்தில்தான் இந்தச் சங்கிலி அறும்.

ஊரில் எங்களுக்கு இன்னும் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. போன தடவை போனபோது தீர்வை கட்ட கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போனேன். ஆள் இல்லை, மறுநாளும் போனேன். நான் கட்டிய தொகை பஸ் டிக்கெட்டைவிடக் குறைவு. அலைந்தது ரசீதுக்காக. நாளைக்கு யாராவது வரப்பைத் தள்ளி நட்டால், நிலம் எங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்று கோர்ட்டில் காட்ட அந்தச் சீட்டு வேண்டும். இங்கே ரெவின்யூ சைட்டில் வீடு கட்டியவர்கள் கந்தாயத்தை வாங்கிக்கொள்ளுங்கள், கைக்கு ஒரு ரசீது கொடுங்கள் என்று வரிசையில் நிற்பதும் இதற்காகத்தான். தாத்தாவைக் கண்டு சந்துக்குள் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்த வரிசையில் இருக்கலாம்.