"ஆக்சிடென்ட் இல்ல சார்"... பாலிசி பேப்பரைக் காட்டச் சொல்லுங்க!

வண்டி விக்கிறவர்கிட்ட "ஆக்சிடென்ட் ஆயிருக்கா?"ன்னு கேட்டா என்ன பதில் வரும்? "சேச்சே, சின்ன கீறல்தான் தம்பி." தமிழ்நாட்டுல எல்லா வண்டிக்கும் சின்ன கீறல்தான், அது வயல்ல குப்புற விழுந்து கிடந்த வண்டியா இருந்தாலும் சரி. அதனால அந்தக் கேள்வியே வேண்டாம். இல்லைன்னு வாயால சொல்லிட்டுப் போக முடியாத மாதிரி கேக்கணும்.

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். வாங்குறவர் மன்னார்குடி. வண்டி கும்பகோணத்துல, டிஎன் 68 நம்பர், 2017 ஜூன்ல எடுத்த பெட்ரோல் கார், ஒரே ஓனர். புரோக்கர் கிடையாது, நேரடி விற்பனை. இவர் வாட்ஸ்அப்ல அனுப்புற மெசேஜ் இது:

[திரையில் மெசேஜ்]
"வணக்கம் அண்ணே, வண்டி விஷயமா. வர்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, இப்ப இருக்கிற இன்சூரன்ஸ் பாலிசி, முடிஞ்சா பழசும், போட்டோ அனுப்புங்க. ரெண்டு, ஆர்.சி. யார் பேர்ல இருக்கு, அவர் நேர்ல வந்து கையெழுத்து போடுவாரா? மூணு, லோன் இருந்துச்சுன்னா ஆர்.சி.யில எச்.பி., அதான் பேங்க் பேர், எடுத்தாச்சா?"

முதல் கேள்வியிலதான் மொத்த மசாலாவும் இருக்கு. பாலிசியில நோ கிளெய்ம் போனஸ்னு ஒரு வரி வரும், சுருக்கமா என்.சி.பி. கிளெய்மே போடாத ஓனருக்கு ஓன் டேமேஜ், அதாவது சொந்த வண்டி சேதத்துக்கான பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி அது. ஒவ்வொரு ரினியூவலுக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம்னு படி ஏறும். 50-ஓட நின்னுடும். நடுவுல ஒரு கிளெய்ம் போட்டா, அடுத்த ரினியூவல்ல நேரா பூஜ்யம். பரமபதத்துல பாம்பு கடிச்ச கதைதான்.

இப்ப நம்ம கும்பகோணம் வண்டிக்கு வருவோம். அண்ணன் 2024 ஜூன் பாலிசியை மட்டும் அனுப்புறாரு. என்.சி.பி. 35 சதவீதம். "பாருங்க தம்பி, போனஸ் இருக்கு, கிளெய்மே இல்ல"ங்கிறாரு. விரல் விட்டு பின்னாடி எண்ணுங்க. 2024-ல 35-ன்னா 2023-ல 25. 2022-ல 20. அப்ப 2021-ல பூஜ்யம்! 2017-ல எடுத்த வண்டி கிளெய்மே இல்லாம வந்திருந்தா 2022-லயே 50-ஐத் தொட்டிருக்கணுமே? ஆக, 2020 ஜூனுக்கும் 2021 ஜூனுக்கும் நடுவுல என்னவோ நடந்திருக்கு. ஒத்தை பேப்பர், வண்டியைத் தொடக்கூட இல்ல! எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனா உடனே அவரைப் பொய்யர்னு முடிவு கட்டிடாதீங்க. பாலிசி காலாவதியாகி 90 நாளுக்கு மேல சும்மா கிடந்தாலும் என்.சி.பி. போயிடும். அதனால அடுத்த மெசேஜ் மரியாதையா: "அண்ணே, 2021 ரினியூவல்ல போனஸ் பூஜ்யம் ஆன மாதிரி தெரியுது. கிளெய்மா, இல்ல ரினியூவல் விட்டுப் போச்சா? கிளெய்ம்னா ஒர்க்ஷாப் பில் அனுப்புங்க." பில்லுல பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர்னு இருந்தா பயப்பட ஒண்ணுமில்ல, விலையில பேசிக்கலாம். ஏர்பேக், பானெட்டுக்குள்ள இருக்கிற அப்ரான் தகடு, சேசிஸ் வேலைன்னு இருந்தா, என் கருத்து, அந்த வண்டி வேண்டாம்.

இதுக்கு ஓட்டையும் இருக்கு. கையில காசு கொடுத்து ரோட்டோரப் பட்டறையில வேலை பார்த்திருந்தா பாலிசியில எதுவும் தெரியாது. தேர்டு பார்ட்டி மட்டும் போட்ட வண்டிக்கு என்.சி.பி.யே கிடையாது. அதுக்கு நேர்ல போறப்ப பானெட்டைத் திறந்து, ஃபெண்டர் போல்ட் தலையில பெயிண்ட் உரிஞ்சிருக்கான்னு பாருங்க. ஸ்பேனர் பட்ட போல்ட் பொய் சொல்லாது. வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுன மாதிரி பட்டி அடிச்சிருந்தாலும் போல்ட்டை மறந்திருப்பாங்க.

ரெண்டாவது கேள்வி. நம்ம பக்கம் அப்பா சிங்கப்பூர்ல இருப்பாரு, ஆர்.சி. அவர் பேர்ல, விக்கிறது மகன். பேர் மாத்துற ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் ஆர்.சி.யில இருக்கிறவர் கையெழுத்துதான் வேணும், மகன் கையெழுத்து செல்லாது. ஓனர் இறந்திருந்தா, முதல்ல வாரிசு ஃபார்ம் 31 கொடுத்து தன் பேருக்கு மாத்திக்கிட்டு, அப்புறம்தான் உங்களுக்கு.

இதுல விக்கிறவருக்கும் லாபம் இருக்கு, அதையும் மெசேஜ்ல சொல்லுங்க. பேர் மாத்தாம வண்டியைக் கொடுத்துட்டு, அது நாளைக்கு யாரையாவது இடிச்சா, நஷ்ட ஈடு ஆர்.சி.யில பேர் இருக்கிறவர் தலையிலதான் விடியும். 2018-ல சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் தீர்ப்பு சொல்லியிருக்கு.

மூணாவது, எச்.பி. லோன் கட்டி முடிச்சாலும் ஆர்.சி.யில பேங்க் பேர் தானா போகாது. பேங்க் கொடுக்கிற என்.ஓ.சி., ஃபார்ம் 35 ரெண்டையும் ஆர்.டி.ஓ.வுல கொடுத்து நீக்கணும். "என்.ஓ.சி. வீட்ல இருக்கு"ன்னா தேதியைக் கேளுங்க. பொதுவா 3 மாசத்துக்கு மேல ஆனதை வாங்க மாட்டாங்க, பேங்க்ல புதுசா வாங்கணும். அந்த அலைச்சல் அண்ணனோடதா உங்களோடதான்னு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிக்குங்க.

உங்க வண்டி பாலிசியில என்.சி.பி. எத்தனைன்னு கமெண்ட்ல போடுங்க. எந்த வருஷம் இடிச்சீங்கன்னு எண்ணிச் சொல்றேன்.