தையல் மெஷினை விற்ற மகன்: முதல் சிறுகதைக்குத் தொடக்கம், நடு, முடிவு

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

முதல் கதையை எழுதப்போகிற ஒருவருக்குக் கரு கிடைப்பது பெரும்பாலும் சிரமமாக இருப்பதில்லை. கண்டது, கேட்டது, வீட்டில் நடந்தது என்று கையில் நிறையவே இருக்கும். அதில் எந்த இடத்தில் கதையைத் திறப்பது, எந்த இடத்தில் மூடுவது என்பதில்தான் அவர் திணறுகிறார். ஆகவே பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு கருவை எடுத்துக்கொண்டு அதைக் கடைசிவரை வளர்த்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இந்தக் கூட்டத்துக்காகவே யோசித்து வைத்த கரு இது.

சிறிய ஊர் ஒன்றில் வயதான தையல்காரர். கண்ணில் புரை விழுந்து சில ஆண்டுகளாகத் தைப்பதில்லை. இலவசக் கண் முகாமில் அவரைப் பஸ்ஸில் அழைத்துப்போய் அறுவைச் சிகிச்சை செய்து, மூன்றாம் நாள் திருப்பி அனுப்புகிறார்கள். இடைப்பட்ட நாளில் மகன் கணேசன், அப்பா இனித் தைக்கப்போவதில்லை என்று எண்ணி, அவருடைய கால்மிதி மெஷினை விலைபேசி மூவாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிவிடுகிறான். அந்தப் பணத்தை மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கட்டியும்விட்டான். அப்பா பார்வையோடு திரும்பி வருகிறார்.

புதிதாக எழுதுகிறவர் இதை எப்படித் தொடங்குவார்? விடிகாலை, சேவல் கூவுதல், அப்பாவின் இளமை, தொழில் கற்ற கதை, திருமணம், மெஷின் வாங்கிய வரலாறு. மூன்று பக்கம் போன பிறகுதான் கண் முகாம் வரும். இதைத் தவறு என்று திட்டவேண்டியதில்லை. எழுதுகிறவர் தன் பாத்திரங்களைத் தெரிந்துகொள்வதற்காக எழுதிய பக்கங்கள் அவை. அவருக்கு அவை தேவைப்பட்டன, வாசகருக்குத் தேவையில்லை, அவ்வளவுதான். எழுதுங்கள், எழுதிய பின் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

தொடக்கம் என்றால் என்ன என்பதற்கு அரிஸ்டாட்டில் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வரையறை சொன்னார். தனக்கு முன்னால் வேறொன்று கட்டாயம் இருந்தாக வேண்டும் என்ற தேவை இல்லாதது, ஆனால் தனக்குப் பின்னால் இன்னொன்று இயல்பாக வந்தே தீர வேண்டியது, அதுதான் தொடக்கம். அவர் நாடகத்தை மனத்தில் வைத்துச் சொன்னார். சிறுகதைக்கும் இது அப்படியே பொருந்துகிறது. நம் கதையில் அந்த இடம் எது? முகாம் பஸ் கிளம்பும் காட்சியில் தொடங்கினால் சீக்கிரம் தொடங்கிவிட்டோம். அப்போது எந்தச் சிக்கலும் இல்லை. மெஷினை ஏற்ற வண்டி வந்து நிற்கும் இடத்தில் தொடங்கினால் தாமதம். கணேசன் தவிப்பதற்கு நேரமே மிச்சமில்லை. அப்பா பஸ்ஸை விட்டு இறங்கும் நொடிதான் சரியான இடம். அதுவரை கணேசனின் கணக்கு சரியாக இருந்தது. அந்த நொடியில் அது தப்பாகிவிடுகிறது.

இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"பஸ்ஸிலிருந்து இறங்கிய அப்பா, கறுப்புக் கண்ணாடியைச் சற்றே உயர்த்தி, எதிரே இருந்த மருந்துக் கடையின் பலகையை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். மெஷினுக்கு வாங்கிய முன்பணச் சீட்டு கணேசனின் சட்டைப் பையில் இருந்தது."

இரண்டே வாக்கியம். அப்பாவின் மகிழ்ச்சி, மகனின் பயம், மெஷின் ஒன்று கைமாறப்போகிறது என்ற செய்தி மூன்றும் வந்துவிட்டன. புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை முதல் வாக்கியத்திலேயே பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தியில் நின்று யோசித்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். அவருடைய பூர்வீகம் நமக்கு அப்போது தேவைப்படுவதில்லை.

அப்படியானால் ஒதுக்கி வைத்த மூன்று பக்கத்தை என்ன செய்வது? வாசகர் மனத்தில் கேள்வி எழுகிற இடத்தில் மட்டும், ஒரு வரி, இரண்டு வரி எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்பா மெஷினின் பெல்ட்டை விரலால் தடவி, "எண்ணெய் விட்டு எத்தனை நாளாயிற்று?" என்று கேட்கும்போது, இந்த மெஷினில்தான் கணேசனின் பள்ளிச் சட்டைகள் எல்லாம் தைக்கப்பட்டன என்று ஒரு வரி வரலாம். அங்கே அது சுடும். முதல் பக்கத்தில் வந்திருந்தால் வெறும் தகவல்.

இனி நடுப்பகுதி. முதல் கதைகள் உண்மையில் தள்ளாடுவது இங்கேதான், ஆகவே இதற்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்துக்கொள்கிறேன். அப்பா வீட்டுக்கு வருகிறார், சாப்பிடுகிறார், அக்கம்பக்கத்தார் நலம் விசாரிக்கிறார்கள், பேத்தி சொட்டு மருந்து விடுகிறாள், இரவு ஆகிறது. எல்லாம் நடக்கக்கூடியவைதான். ஆனால் சோதித்துப் பாருங்கள். நலம் விசாரிப்பதை முன்னாலும் சாப்பாட்டைப் பின்னாலும் மாற்றி வைத்தால் கதையில் ஏதாவது உடைகிறதா? உடையவில்லை. அப்படியானால் அவை அடுத்தடுத்து நிற்கின்றனவே ஒழிய ஒன்றையொன்று பிறப்பிக்கவில்லை. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே 'பிறகு' என்று மட்டும்தான் போட முடிகிறது என்றால் அங்கே கதை நின்றுவிட்டது. 'அதனால்' என்றோ 'ஆனால்' என்றோ போட முடிய வேண்டும்.

நம் கதையைக் கட்டிப் பார்ப்போம். அப்பா வீட்டுக்கு வந்ததும் நேரே மெஷின் முன்னால் உட்காரப் போகிறார். உண்மையைச் சொல்லத் துணிவில்லாத கணேசன், "குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் அல்லவா?" என்று தடுக்கிறான். டாக்டர் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் கணேசன் அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். அதனால் அப்பா, சரி, சில வாரம் பொறுத்துத் தைக்கலாம் என்று எண்ணி, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு அவள் மகளின் பாவாடைத் துணியை வாங்கி வைத்துக்கொள்கிறார். கவனியுங்கள், கணேசனின் சமாளிப்பே சிக்கலைப் பெரிதாக்கிவிட்டது. முன்பு அப்பாவிடம் மட்டும் மறைத்தான். இப்போது அப்பா இன்னொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அதனால் கணேசன் இரவோடு இரவாக மெஷினை வாங்குகிறவரிடம் போகிறான், முன்பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்ல. ஆனால் பணம் பள்ளிக்குப் போய்விட்டது. கையில் இருப்பது ஆயிரத்து இருநூறு. வாங்குகிறவர் கெட்டவர் அல்ல. அவரும் ஓர் ஆளை வேலைக்கு அமர்த்திவிட்டார். காலையில் வண்டி வரும் என்கிறார்.

முதல் கதையில் எதிர்ப்பக்கத்து ஆளைக் கொடுமைக்காரனாக ஆக்கிவிட ஆசை வரும். வேண்டாம். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தால்தான் கணேசனுக்குத் தப்பிக்க வழியில்லாமல் போகும்.

வீடு திரும்புகிறான். அப்பா விழித்திருக்கிறார். விளக்கடியில் உட்கார்ந்து, நிமிர்ந்த தலையோடு, ஊசியை உயரத் தூக்கிப் பிடித்து நூல் கோக்கிறார். கோத்தும்விட்டார். இந்த வரியை நினைவில் வையுங்கள், முடிவு இதில்தான் இருக்கிறது.

அளவைப் பற்றி ஒரு சொல். முதல் கதைக்கு ஆயிரத்து ஐந்நூறு சொல் போதும். பஸ் நிலையத்துக்கு இருநூறு, முடிவுக்கு இருநூறு, மீதியெல்லாம் அந்த ஓர் இரவுக்கு. சனி மாலையிலிருந்து ஞாயிறு காலைக்குள் எல்லாம் நடந்துவிடுகிறது. காலம் விரிய விரிய 'பிறகு' பெருகும்.

முடிவுக்கு வருவோம். இந்தக் கதைக்கு எளிதாகக் கைக்கு வரக்கூடிய முடிவுகளைச் சொல்கிறேன். வாங்குகிறவர் மனம் இளகி மெஷினை விட்டுக்கொடுக்கிறார். அப்பா அதிர்ச்சியில் இறந்துபோகிறார். எல்லாம் கணேசன் கண்ட கனவு. அல்லது, பெற்றோரைக் கேட்காமல் எதையும் விற்கக் கூடாது என்று கதையே பேசத் தொடங்குகிறது. முதல் மூன்றிலும் கணேசன் எதையும் செய்யவில்லை. யாரோ, எதுவோ வந்து அவனைச் சிக்கலிலிருந்து எடுத்துவிடுகிறது. நான்காவதில் கதை நின்று உபதேசம் வந்துவிட்டது. இரவெல்லாம் ஒருவனைத் தவிக்க வைத்துவிட்டு, காலையில் அவன் செய்ய வேண்டியதை வேறு யாருக்கோ கொடுப்பது வாசகருக்குச் செய்கிற துரோகம்.

கணேசனால் இரவு முழுக்க முடியாமல் போனது எது? சொல்வது. ஆகவே வண்டிச் சத்தம் கேட்பதற்கு முன் அவன் சொல்லியாக வேண்டும். சொல்கிறான். அப்பா கோபித்தால் நாம் எதிர்பார்த்தது, மன்னித்தாலும் எதிர்பார்த்ததே. அவர் ஐம்பது ஆண்டு தொழில் செய்தவர். "எவ்வளவுக்குப் பேசினாய்?" என்று கேட்கிறார். தொகையைச் சொன்னதும், "குறைத்துவிட்டான்" என்கிறார். வண்டி வந்ததும் விலையை அவரே பேசுகிறார். மெஷின் ஏறும் முன் இழுப்பறையைத் திறந்து கத்தரியையும் நூல்கண்டையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார். பிறகு பக்கத்து வீட்டுச் சிறுமியைக் கூப்பிட்டு, "நேராக நில்" என்று இடுப்பளவு எடுக்கிறார்.

அவர் கையால் தைக்கப்போகிறார் என்பதைக் கதை சொல்லத் தேவையில்லை. முந்தைய இரவில் ஊசியில் நூல் கோத்தாரே, அது போதும். எதிர்பாராத முடிவு என்று நாம் பாராட்டுவது எல்லாவற்றுக்கும் காரணம் நடுவில் எங்கோ வைக்கப்பட்டிருக்கும். வைக்கப்படாமல் வந்தால் அது வெறும் திடுக்கிடல்.

இன்னொன்று. இதை எழுதும் கை, அளவெடுப்பதோடு நிற்காது. கணேசனின் கண் கலங்கியது என்று ஒரு பத்தி எழுதும். ஒரு கதையை எழுதி முடித்ததும் அதன் தொடக்கத்தையும் முடிவையும் அடித்துவிட வேண்டும், எழுத்தாளர்கள் அதிகம் பொய் சொல்வது அங்கேதான் என்று செக்காவ் கூறியதாக இவான் பூனின் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கடைசிப் பத்தியைக் கையால் மூடிவிட்டுப் படித்துப் பாருங்கள். கதை முடிந்துவிட்டதாகத் தோன்றினால் மூடிய பத்தி தேவையில்லை. பிறகு யாரிடமாவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், கருத்துக் கேட்க வேண்டாம். கதையின் நடுவில் அவர் "அப்புறம்?" என்று கேட்டால் நல்லது. கடைசி வரிக்குப் பிறகும் அதையே கேட்டால் முடிவு இன்னும் வரவில்லை. முதல் பக்கத்தில் "இது யார்?" என்று கேட்டால், ஒரே நேரத்தில் பல பேரை உள்ளே விட்டுவிட்டீர்கள்.

முடிவு தெரியாமல் எழுதத் தொடங்கலாமா என்று முன்வரிசையிலிருந்து ஒரு தங்கை சீட்டு அனுப்பியிருக்கிறார். தாராளமாகத் தொடங்கலாம், அம்மா. பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். முடிவு கிடைத்த அன்று, வேலை இன்னும் பாதி இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அப்பா இடுப்பளவு எடுக்கிறார் என்பது கடைசியில்தான் உங்களுக்குத் தோன்றியிருக்கும். அப்போது நடுவுக்குத் திரும்பிப் போய், அந்த இரவில் விளக்கடியில் ஓர் ஊசியையும் நூலையும் அவர் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதன்பின் பஸ் நிலையத்துக்கும் போய், அவர் வெறுமனே இறங்கியதாக எழுதியிருந்தால், கடைப் பலகையை வாசிக்க வைக்க வேண்டும்.