நடுவில் அந்த இன்வெர்ட்டர் எதற்கு?

நண்பர்களே, வணக்கம்.

இன்று பேசப்போவது சிப்புக்குள் இருக்கும் ஒரே ஒரு இன்வெர்ட்டரைப் பற்றி, அதாவது 0 ஐ 1 ஆகவும் 1 ஐ 0 ஆகவும் மாற்றும் சிறு கேட்டைப் பற்றி. இரண்டு டைனமிக் கேட்டுகளை நேராக ஒன்றோடு ஒன்று இணைத்தால் விடை தப்பாக வருகிறது. நடுவில் ஒரு சாதாரண இன்வெர்ட்டரை வைத்துவிட்டால், வரிசையாகப் பல அடுக்குகளை இணைத்தாலும் சரியாக ஓடுகிறது. ஒரு இன்வெர்ட்டரால் அப்படி என்ன மாறிவிடுகிறது?

முதலில் கேட்டைப் பார்த்துவிடுவோம். சாதாரண சீமாஸ் கேட்டில் ஒவ்வொரு உள்ளீடும் கீழே ஒரு என்மாஸையும் மேலே ஒரு பிமாஸையும் சேர்த்தே இயக்க வேண்டும். இரண்டும் டிரான்சிஸ்டர் சுவிட்சுகள்: என்மாஸ் 1 வந்தால் திறந்து மின்னோட்டத்தை விடும், பிமாஸ் 0 வந்தால் திறக்கும். பிமாஸ் மந்தமானது. அதை அகலமாகப் போட்டால்தான் ஈடுகொடுக்கும். அந்த அகலம் முந்தைய கேட்டின் தலையில் சுமையாக விழும். டைனமிக் கேட்டில் மேல் பாதியை மொத்தமாக எடுத்துவிட்டு, 0, 1 என்று மாறி மாறி வரும் கிளாக் சமிக்ஞை இயக்கும் ஒரே ஒரு பிமாஸை வைக்கிறோம். கீழே என்மாஸ் வலை அப்படியே இருக்கும். அதற்கும் அடியில், கிளாக் இயக்கும் இன்னொரு என்மாஸ் இருக்கும். இதை ஃபுட்டர் என்பார்கள்.

கிளாக் 0 ஆக இருக்கும்போது மேலே உள்ள பிமாஸ் திறந்திருக்கும், ஃபுட்டர் மூடியிருக்கும். வெளியீட்டு முனை சப்ளை அளவுக்கு ஏறிவிடும். இது பிரீசார்ஜ். கிளாக் 1 ஆனதும் பிமாஸ் மூடிக்கொள்ளும், ஃபுட்டர் திறக்கும். இது எவால்யுவேட். இப்போது என்மாஸ் வலையில் வழி இருந்தால் முனை 0 க்கு இறங்கும். வழி இல்லையென்றால் 1 ஆகவே இருக்கும். அந்த 1 ஐ யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. முனையின் கொள்ளளவில் தங்கிய மின்னூட்டம்தான் அதைக் காக்கிறது. ஆகவே எவால்யுவேட் நேரத்தில் முனை ஒரே ஒரு முறை, ஒரே ஒரு திசையில் மாறலாம்: 1 இலிருந்து 0 க்கு. இறங்கிவிட்டால், அடுத்த பிரீசார்ஜ் வரும்வரை அதை மேலே ஏற்ற ஆள் கிடையாது.

இப்போது இரண்டை நேராக இணைத்துப் பார்ப்போம். இருப்பதிலேயே எளிமையானதை எடுத்துக்கொள்ளலாம்: ஒவ்வொரு கேட்டிலும் ஒரே ஒரு உள்ளீட்டு என்மாஸ். முதல் கேட்டின் உள்ளீடு 1. எனவே அதன் முனை 0 ஆக வேண்டும், இரண்டாவது முனை 1 ஆகவே நிற்க வேண்டும். பிரீசார்ஜ் முடிந்தபோது இரண்டு முனைகளும் 1. கிளாக் ஏறுகிறது, இரண்டு கேட்டுகளும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்குகின்றன. முதல் முனை இறங்கி, இரண்டாவது என்மாஸை மூடும் அளவுக்கு வர 40 பிகோ வினாடி ஆகிறது என்று வையுங்கள். அந்த 40 பிகோ வினாடியும் இரண்டாவது கேட் பார்ப்பது பழைய 1 ஐத்தான். அதன் வழி திறந்தே இருக்கிறது. வழியின் மின்தடை 3 கிலோ ஓம், முனையின் கொள்ளளவு 10 ஃபெம்டோ ஃபாரட் என்றால் காலமாறிலி 30 பிகோ வினாடி. சப்ளை 1 வோல்ட் என்று வைத்தால், தோராயக் கணக்கில் 40 பிகோ வினாடி கழித்து இரண்டாவது முனையில் மிஞ்சுவது சுமார் 0.26 வோல்ட். அப்புறம் என்மாஸ் மூடிக்கொள்கிறது, சரிதான். ஆனால் போன மின்னூட்டம் போனதுதான். 1 ஆக நின்றிருக்க வேண்டிய முனையை அடுத்தவர்கள் 0 என்று படிப்பார்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது திருந்தாது.

1982 இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கிராம்பெக், லீ, லா மூவரும் வெளியிட்ட சுற்று இதற்கான விடை. ஒவ்வொரு டைனமிக் முனைக்கும் பின்னால் ஒரு நிலையான, அதாவது கிளாக் இல்லாத சாதாரண இன்வெர்ட்டர், அவ்வளவுதான். பிரீசார்ஜில் முனை 1, எனவே இன்வெர்ட்டர் வெளியே தருவது 0. அடுத்த கேட்டின் என்மாஸ் மூடியே இருக்கிறது. எவால்யுவேட் தொடங்கியதும் அந்தக் கேட் தன் மின்னூட்டத்தை இழக்காமல் அப்படியே காத்திருக்கிறது. முதல் முனை இறங்கினால் இன்வெர்ட்டர் 0 இலிருந்து 1 க்கு ஏறும், அப்போதுதான் அடுத்தது இறங்கும். முதல் முனை இறங்காவிட்டால் அடுத்ததற்கும் அந்த உள்ளீட்டால் எதுவும் நடக்காது. செய்தி தாமதமாக வந்தாலும் விடை தாமதமாகுமே தவிர, தப்பாகாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். டைனமிக் கேட் தன் உள்ளீடுகளிடம் கேட்பது ஒன்றுதான்: எவால்யுவேட் நடக்கும்போது மாறாமல் இரு, அல்லது 0 இலிருந்து 1 க்கு ஒரு முறை மட்டும் ஏறு. முனையால் இறங்க மட்டுமே முடியும் என்பதால் இன்வெர்ட்டரால் ஏற மட்டுமே முடியும். அதாவது ஒரு அடுக்கு எதைக் கேட்கிறதோ, அதையே அடுத்த அடுக்குக்குத் தருகிறது. முதல் அடுக்கின் உள்ளீடுகள் ஒழுங்காக இருந்தால் போதும், கடைசி அடுக்கு வரை ஒழுங்கு தானாகவே வந்துவிடும். அடுக்குக்கு ஒரு கிளாக் தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே பிரீசார்ஜில் நிமிர்த்தி வைத்துவிட்டு, டாமினோ கட்டைகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக விழவிடலாம். டாமினோ லாஜிக் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

கூட்டல் சுற்றில் ஒரு பிட்டிலிருந்து அடுத்த பிட்டுக்குப் போகும் கேரி இதற்கு அருமையாகப் பொருந்தும். a, b கூட்டப்படும் பிட்டுகள், c உள்ளே வரும் கேரி:

```
c_out = a·b + c·(a + b)
```

இதில் தலைகீழ் எதுவும் இல்லை. 11111111 உடன் 00000001 ஐக் கூட்டுங்கள். முதல் பிட்டில் இரண்டு உள்ளீடுகளும் 1. முனை உடனே இறங்கி, கேரி ஏறுகிறது. மற்ற பிட்டுகளில் பாதி வழி திறந்திருக்கிறது, அவை கேரிக்காகக் காத்திருக்கின்றன. அது வர வர, ஒவ்வொன்றாக எட்டும் விழுகின்றன. 00000001 க்குப் பதில் 00000000 ஐக் கூட்டினால் ஒன்றும் விழாது, அதுவும் சரியான விடையே.

கூட்டுத்தொகையில்தான் சிக்கல். அதற்கு, இரண்டு உள்ளீடுகளும் வேறுபட்டால் மட்டும் 1 தரும் எக்ஸார் வேண்டும், எக்ஸாருக்குக் கேரியின் தலைகீழும் வேண்டும். கேரியை இன்னொரு இன்வெர்ட்டரில் விட்டு எடுத்தால், அது 1 இல் தொடங்கி 0 க்கு இறங்கும் சமிக்ஞை. நாம் பார்த்த பழைய கோளாறேதான். அதனால் கூட்டுத்தொகையைச் சங்கிலி முடிந்தபின் நிலையான கேட்டில் எடுப்பார்கள். இல்லையென்றால் கேரிக்கும் அதன் தலைகீழுக்கும் தனித்தனி டாமினோ வலை போடுவார்கள். ஒரு வசதி: தலைகீழ் உள்ளீடுகளைக் கொடுத்தால் மேலே உள்ள அதே வாய்பாடு தலைகீழ்க் கேரியைத் தரும். புதிதாக வலை வரைய வேண்டியதில்லை. பரப்பு மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் காப்பாற்றாது. வலைக்கு உள்ளே இருக்கும் காலியான முனை ஒன்று திடீரென வெளியீட்டு முனையோடு இணைந்தால், மின்னூட்டம் பங்கு பிரியும். 30 ஃபெம்டோ ஃபாரட் முனையோடு காலியான 10 சேர்ந்தால் 1 வோல்ட் 0.75 ஆகிவிடும். கசிவு வேறு இருக்கிறது. இதற்காக இன்வெர்ட்டரின் வெளியீட்டால் இயங்கும் பலவீனமான ஒரு பிமாஸை முனையில் வைப்பார்கள். இதற்குக் கீப்பர் என்று பெயர். அதைப் பலமாக வைத்தால் முனை இறங்கும்போது அதனோடு மல்லுக்கட்டி வேகத்தைக் கெடுக்கும்.

சரி, சுற்று தப்பான விடை தருகிறது, காரணம் எது? கிளாக்கை மெதுவாக்கிப் பாருங்கள். தப்பு மறைந்தால், விடை வந்துசேர நேரம் போதாமல் இருந்திருக்கிறது. தப்பு கூடினால், கசிவைச் சந்தேகியுங்கள், கீப்பர் போதவில்லை. எந்த வேகத்திலும் அப்படியே நின்றால், எவால்யுவேட் நேரத்தில் 1 இலிருந்து 0 க்கு இறங்கும் ஒரு சமிக்ஞை ஏதோ ஒரு அடுக்குக்குள் போயிருக்கலாம். பெரும்பாலும் அது டாமினோவுக்கு வெளியே, நிலையான கேட்டிலிருந்து கிளாக் ஏறியபிறகு வந்துசேர்ந்த உள்ளீடாக இருக்கும். முதலில் அங்கே தேடுங்கள்.