மைக் பொத்தானை அழுத்தினால் திரையில் என்ன தெரிகிறது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீடுகளுக்குப் போய் டிவி பழுதுபார்த்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் நான். இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்று உண்டு. "தம்பி, டிவி நல்லா ஓடுது. ஆனா ரிமோட்ல மைக்க அழுத்திப் பேசினா ஒண்ணும் வரமாட்டேங்குது." தமிழில் டைப் செய்யத் தெரியாத பெரியவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்த அவர்களுக்குக் கண்ணும் ஒத்துழைக்காது, பொறுமையும் இருக்காது. அதனால் இன்று இந்த ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். மைக் பொத்தானை அழுத்தியதும் திரையில் என்ன தெரிகிறது? எதுவுமே தெரியவில்லையா? கேட்பதுபோல் ஒரு கோடோ வட்டமோ வந்து, நீங்கள் பேசியும் அசையாமல் இருக்கிறதா? அல்லது பேச்சைக் கேட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? எதுவும் தெரியவில்லை என்றால் ரிமோட்டைப் பார்க்க வேண்டும். அசையவில்லை என்றால் பெரும்பாலும் மைக் அனுமதி. சுற்றிக்கொண்டே இருந்தால் இணையம். இதைக் கேட்டுக்கொள்ளாமல் நேரே டிவியை ரீசெட் செய்தால், எல்லாக் கணக்குகளிலும் மறுபடி நுழைய வேண்டியிருக்கும். பிரச்சினை மட்டும் அப்படியே நிற்கும்.

ஈசூனில் ஒரு வீவக வீடு. வயதான தம்பதி. கூகல் டிவி வகைத் தொலைக்காட்சி. மைக்கை அழுத்தினால் திரையில் சலனமே இல்லை. ஆனால் அதே ரிமோட்டில் டிவி ஆன் ஆகிறது, ஒலி கூடுகிறது, குறைகிறது. "ரிமோட் நல்லாத்தான் இருக்கு, டிவிதான் போச்சு" என்று அந்த ஐயா முடிவே கட்டிவிட்டார். புது டிவி விலைகூட விசாரித்து வைத்திருந்தார்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். இந்த ரிமோட்டுகள் இரண்டு வழியில் டிவியோடு பேசுகின்றன. ஒன்று பழைய அகச்சிவப்பு ஒளி. ஆன், ஆஃப், ஒலி போன்றவை அதிலேயே போய்விடும். இன்னொன்று புளூடூத். உங்கள் குரல் புளூடூத்தில் மட்டும்தான் போகும். புளூடூத் இணைப்பு அறுந்துபோனாலும் மற்ற பொத்தான்கள் வேலை செய்துகொண்டே இருக்கலாம். அதனால் ரிமோட் மீது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ரிமோட்டின் முனையைக் கையால் நன்றாக மூடிக்கொண்டு, டிவிக்கு முதுகைக் காட்டி, சமையலறைப் பக்கம் நீட்டி அம்புக்குறி பொத்தானை அழுத்துங்கள். திரையில் நகர்ந்தால் புளூடூத் இணைப்பு இருக்கிறது. டிவியைப் பார்த்து நீட்டினால் மட்டும் நகர்கிறது என்றால் ஒளி மட்டும்தான் வேலை செய்கிறது, இணைப்பு போய்விட்டது. ஈசூன் வீட்டில் நகரவில்லை. விசாரித்தால், பேரன் புதிதாக ஸ்பீக்கர் ஒன்றை இணைக்கும்போது, பட்டியலில் இருந்த பழைய பெயர்களையெல்லாம் நீக்கியிருக்கிறான். அதில் ரிமோட்டும் போய்விட்டது.

மறுபடி இணைப்பது பெரிய வேலை இல்லை. அந்த டிவியில் Settings போய், Remotes & Accessories என்ற இடத்தில் புதிய ரிமோட்டைச் சேர்க்கச் சொன்னேன். அப்புறம் ரிமோட்டில் ஹோம், பேக் இரண்டையும் சேர்த்து, சின்ன விளக்கு மினுக்கும்வரை அழுத்திப் பிடித்தேன். பட்டியலில் பெயர் வந்தது, தேர்ந்தெடுத்தேன், முடிந்தது. சாம்சுங் ரிமோட் என்றால் ரிட்டர்ன் பொத்தானையும் பிளே பொத்தானையும் குறைந்தது 3 விநாடி சேர்த்து அழுத்த வேண்டும். மற்ற ரகங்களில் பொத்தான்கள் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

இணைப்பதற்கு முன்னால் பேட்டரியை மாற்றிவிடுங்கள். குரல் அனுப்ப ரிமோட்டுக்கு அதிகச் சக்தி வேண்டும். ஒலியைக் கூட்டப் போதுமான பேட்டரி, பேச்சை அனுப்பப் போதாமல் போகலாம். அப்புறம் ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால், மைக்குக்கான ஊசித் துளை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். நம் வீடுகளில் ரிமோட் பழசாகாமல் இருக்கட்டும் என்று உறை போடுவது வழக்கம். அந்தத் துளையை மட்டும் திறந்து விடுங்கள். சாம்சுங், எல்ஜி போன்றவற்றில் பேசி முடிக்கும்வரை மைக் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, ஈசூன் வீட்டுக்கு வருவோம். முகப்புத் திரையில் பேசினால் தேடியது. ஆனால் யூடியூபுக்குள் போய் அங்கே தெரிந்த மைக் படத்தை அழுத்தினால் பேசாமல் நின்றது. இதுதான் இரண்டாவது வகை. யூடியூப் மைக்கைப் பயன்படுத்த அனுமதி கேட்டபோதெல்லாம், யாரோ வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறார்கள். புதிய ஆண்ட்ராய்டுகளில் இரண்டு முறை மறுத்துவிட்டால் அது மறுபடி கேட்பதே இல்லை. நாமாகப் போய்த் திறக்க வேண்டும். Settings, Apps, அதில் YouTube, அதில் Permissions, கடைசியில் Microphone. அங்கே அனுமதித்தால் போதும். எந்தச் செயலியிலும் மைக் எடுபடவில்லை என்றால், Privacy பகுதியில் மைக்கை மொத்தமாக அணைக்கும் பொத்தான் ஒன்று இருக்கலாம், அதைப் பாருங்கள். ரிமோட் இல்லாமல் டிவியிடமே பேசும் வசதி உள்ள சில தொலைக்காட்சிகளில், டிவியின் அடியிலோ பின்னாலோ மைக்குக்கென்றே ஒரு சுவிட்சும் இருக்கும். துடைக்கும்போது அது தள்ளப்பட்டுவிடும்.

மூன்றாவது வகைதான் கொஞ்சம் சிக்கல். நீங்கள் பேசியது ரிமோட்டிலிருந்து டிவிக்கு வந்து, அங்கிருந்து இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிகளுக்குப் போய்ச் சொற்களாக மாறித் திரும்புகிறது. இணையம் தடுமாறினால் வட்டம் சுற்றும், பிறகு பிழைச் செய்தி வரும். "ஆனா வசந்தம் சேனல் தெளிவா வருதே" என்பார்கள். வசந்தம் ஆன்டெனா வழியாகவும் வரும், அதற்கு இணையமே வேண்டாம். யூடியூபில் ஒரு காணொளியை ஓடவிட்டுப் பாருங்கள், அதுதான் சோதனை. அது திணறினால் மோடம், ரூட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

இங்கே புது வீடுகளில் ரூட்டரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் அறைக்குள் வைத்துக் கதவை மூடினால், அந்தத் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைஃபையை நன்றாகவே விழுங்கிவிடும். கூடத்தில் டிவிக்கு மிச்சம்மீதிதான் வரும். முடிந்தால் ரூட்டரை வெளியே கொண்டுவாருங்கள், அல்லது டிவிக்குக் கேபிள் இழுத்துவிடுங்கள். கேபிளில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் புளூடூத்தும் ஒரே அலைவரிசையில் ஓடுகின்றன. அடுக்குமாடியில் அண்டை வீட்டு ரூட்டர்களும் அதில் நெருக்கும். கேபிள் போட முடியாவிட்டால், டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றலாம்.

எங்கே கோளாறு என்று இன்னும் தெரியவில்லையா? கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் டிவியை இணைத்துப் பேசிப் பாருங்கள். அதில் வேலை செய்தால் டிவியும் ரிமோட்டும் நன்றாக இருக்கின்றன, பிரச்சினை வீட்டு இணையத்தில்தான். அதிலும் அசையாவிட்டால் வீட்டு வைஃபைக்கே திரும்பி, கைப்பேசியில் உள்ள டிவி செயலியில் மைக்கை அழுத்திப் பேசுங்கள். அது எடுபட்டால் ரிமோட்டின் மைக்தான் கெட்டிருக்கிறது. அப்போது புது ரிமோட் வாங்குங்கள். மலிவான பொது ரிமோட்டுகளில் பல வெறும் ஒளி ரிமோட்டுகள், அவற்றில் மைக்கே இருக்காது. டிவியின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம்பிடித்துக் கடைக்குக் கொண்டுபோய், இந்த எண்ணுக்கு இணையும் புளூடூத் ரிமோட்தானா என்று கேட்டு வாங்குங்கள்.